பத்தாம் நாள் நின்றுபோன லைன்

புதிதாகச் சேர்ந்த ஒரு குழு ஏன் இரண்டாவது வாரத்தில் சண்டை போடுகிறது? அந்த நேரத்தில் மேனேஜர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் 24 நாட்களைக் கூடவே இருந்து பார்த்ததில் கிடைத்த பதில்கள்.

வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். கழுத்து ரிப் வைக்கும் மெஷினுக்கு முன்னால் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. தோள் மூட்டிய பீஸ்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்குகின்றன. அந்த மெஷினைத் தாண்டிப் போவது மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான். இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருக்கும் கை மூட்டும் டெய்லர், உசிலம்பட்டிக்காரர், மோட்டாரை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்கிறார்.

“எத்தனை நேரம்க்கா சும்மா உக்காந்திருக்கிறது? அவங்க விட்டாத்தானே எனக்கு வேலை?”

ரிப் மெஷினில் இருப்பவர் பல்லடத்துப் பெண். பதினைந்து வருட அனுபவம். தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார். “தோள் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி வருதுங்க. நான் என்ன பண்றது? அந்தப் புள்ளைகிட்டப் போய்க் கேளுங்க.”

அந்தப் புள்ளை ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிகிறது. கண் கலங்குகிறது, கை நின்றுவிடுகிறது. இப்போது மூன்று மெஷின் நின்றாயிற்று.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் வருகிறார். போர்டைப் பார்க்கிறார். போன வாரம் சனிக்கிழமை 340 பீஸ். இந்த வாரம் 340, 310, 280. இன்றைக்கு 270 தாண்டுமா என்பதே சந்தேகம். “அந்த ரிப் டெய்லரை மாத்திடலாம். மூணாவது லைன்ல இருந்து ஆள் எடுத்துக்கலாம்” என்கிறார். லைன் சூப்பர்வைசர் அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார்: “சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்.”

அந்த லைனின் தலையெழுத்து மாறியது அந்த ஆறு மணி நேரத்தில்தான்.

ஐந்து கட்டங்கள், ஒரு பழைய கட்டுரை

லைனில் மொத்தம் இருபது பேர். பதினான்கு டெய்லர்கள், நான்கு ஹெல்பர்கள், இரண்டு செக்கிங். பெரும்பாலானோர் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். வட்டக்கழுத்து டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றுக்காகப் புதிதாகப் போட்ட லைன் அது. 10,000 பீஸ், 24 வேலை நாள். கம்பெனிப் பெயரும் தங்கள் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரத்தில் அங்கே நடந்ததற்கு 1965-லேயே ஒருவர் பெயர் வைத்துவிட்டார். அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த உளவியலாளர் புரூஸ் டக்மன், சிறு குழுக்களைப் பற்றி அதுவரை வந்திருந்த 50 ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தார். கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் ஒரே வரிசையில் நகர்வதாக அவருக்குத் தோன்றியது. முதலில் சேர்தல், பிறகு மோதல், பிறகு இணங்கல், கடைசியாக இயங்கல். ஆங்கிலத்தில் அவர் எதுகையோடு வைத்த பெயர்கள் ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங். 1977-ல் மேரி ஆன் ஜென்சன் என்பவரோடு சேர்ந்து ஐந்தாவதாகக் கலைதலையும் சேர்த்தார்.

மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் மனப்பாடம் செய்தவர்களே பத்தாம் நாள் சண்டையைப் பார்த்ததும் ஆளை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டங்களின் பெயர் தெரிந்திருப்பது ஒன்று. நேற்று வரை சரியாக இருந்த தன் நடத்தை இன்றைக்குத் தப்பு என்று ஒரு மேனேஜர் உணர்வது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

“சரிங்க்கா” என்றால் புரிந்தது என்று அர்த்தமில்லை

முதல் நாள் அந்த லைனில் சத்தமே இல்லை. சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் “சரிங்க்கா.” எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள், யாரும் பக்கத்து மெஷினைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூல் அறுந்தால்கூட பக்கத்தில் கேட்காமல் சூப்பர்வைசர் வரும்வரை காத்திருந்தார்கள். அன்று 120 பீஸ்தான் வந்தது.

முதல் கட்டத்தின் அடையாளம் இதுதான். கேள்வி எல்லாம் ஒரே ஆளை நோக்கி வரும். உள்ளே ஓடும் கேள்விகள் வேறு. இங்கே நமக்கு என்ன மரியாதை? தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடுமா? பக்கத்தில் இருப்பவர் எப்படிப்பட்டவர்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காதவரை மனிதர்கள் பத்திரமான வழியைத்தான் பிடிப்பார்கள். அந்தப் பத்திரமான வழியின் பெயர்தான் “சரிங்க்கா.”

இந்த நேரத்தில் பல நல்ல மேனேஜர்கள் செய்யும் தவறு, “உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிப் பண்ணுங்க” என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவது. பழகிய குழுவுக்கு அது சுதந்திரம். முதல் நாள் குழுவுக்கு அது கைவிட்டது போலத்தான் இருக்கும். இன்னொரு தவறு, முதல் நாளே எண்ணிக்கை கேட்டுக் கத்துவது. அப்படிச் செய்தால் ஆட்கள் பீஸைத் தள்ளிவிடப் பழகுவார்களே தவிர, சரியாகத் தைக்கப் பழக மாட்டார்கள்.

சூப்பர்வைசர் அக்கா வேறு மாதிரி செய்தார். ஒப்புதல் ஆன சாம்பிள் டி-ஷர்ட்டை லைனின் நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டார். ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து ஒரு பீஸ் தானே தைத்துக் காட்டினார். யாருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று பெயர் சொல்லிக் கை காட்டி அறிமுகம் செய்தார். எதை எல்லாம் பாஸ் ஆக்கலாம், எதை ஆல்டருக்குத் திருப்ப வேண்டும் என்பதை மூன்று பீஸ் கையில் வைத்துச் சொன்னார். கருத்துக் கேட்கவே இல்லை. முதல் வாரம் முழுக்க அவர் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். 120-ல் ஆரம்பித்தது 340-க்கு ஏறியது.

அவர் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. அவரே பிறகு சொன்னார். “எல்லாரும் என்கிட்டத்தான் பேசுனாங்க. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. அவங்களுக்குள்ள பேச நான் பழக்கி விடலைங்க.” தோள் மூட்டும் பெண்ணும் ரிப் வைக்கும் பெண்ணும் ஒரு வாரம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது வாரத்தில் வெடித்தது அதுதான்.

> பெட்டிச் செய்தி: முதல் நாளின் ஆபத்து
>
> அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1978 முதல் 1990 வரை விமானிகளின் தவறும் ஒரு காரணமாக இருந்த 37 பெரிய விமான விபத்துகளை ஆராய்ந்து 1994-ல் அறிக்கை வெளியிட்டது. இது பற்றிய தகவல் கிடைத்த விபத்துகளில் 73 சதவீதம், கேப்டனும் துணை விமானியும் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தன. 44 சதவீதம் அவர்கள் சேர்ந்து பறந்த முதல் பயணத்திலேயே நடந்தவை. இருவரும் தனித்தனியே தேர்ந்தவர்கள்தான். சேர்ந்து வேலை செய்வதில்தான் புதியவர்கள்.

சண்டை எங்கே குவிகிறது என்று பாருங்கள்

வியாழக்கிழமைக்குத் திரும்புவோம்.

மோதல் கட்டம் ஏன் வருகிறது? பயம் தெளிந்துவிட்டது என்பதால் வருகிறது. ஒரு வாரம் ஓடியதில், இங்கே யாரும் நம்மை விரட்டப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வேலையும் பிடிபட்டுவிட்டது. இப்போதுதான் அடுத்தவரின் வேலை நம் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பது கண்ணில் படுகிறது. முதல் நாளிலேயே தோள் ஏறி இறங்கித்தான் வந்தது. முதல் நாளில் அதைச் சொல்லத் துணிச்சல் இல்லை, அவ்வளவே. அதனால் இந்தச் சண்டையில் தகவல் இருக்கிறது. குழு முதன்முறையாக உண்மையைப் பேசுகிறது, ஆனால் மோசமான மொழியில் பேசுகிறது.

மேனேஜரின் வேலை அந்த மொழியை மாற்றிக் கொடுப்பது. தகவலை அடக்குவது அல்ல.

சூப்பர்வைசர் அன்று மதியம் செய்தது இது. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ரிப் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “உங்களைக் குத்தம் பார்க்க இல்லீங்க, வேலையை அளக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பத்துப் பீஸ் அளந்ததில் ஒரு பீஸுக்குச் சராசரியாக 80 விநாடி. எட்டு மணி நேரத்துக்கு 28,800 விநாடி. 80-ஆல் வகுத்தால் 360. அதாவது அந்தப் பல்லடத்துப் பெண் மூச்சுவிடாமல் தைத்தாலும் லைன் 360-ஐத் தாண்ட முடியாது. 340-ல் முட்டி நின்றதற்கு யாருடைய சோம்பேறித்தனமும் காரணமில்லை, கணக்கே அப்படி.

அடுத்து, அந்த 80 விநாடி எங்கே போகிறது என்று பார்த்தார். ரிப் வளையம் கழுத்துச் சுற்றைவிடச் சின்னது. அதைச் சீராக இழுத்துத் தைக்க, ரிப்பையும் கழுத்தையும் நான்கு சம பாகமாக மடித்துப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைத் தையலைப் போடும் பெண்ணே ஒவ்வொரு பீஸுக்கும் வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மட்டும் 28 விநாடி.

மூன்றாவதாக, தோள். இருபது பீஸ் எடுத்து மடித்துப் பார்த்ததில் ஆறில் ஒரு தோள் நீளம், ஒன்று குட்டை. தோள் மாறினால் கழுத்துச் சுற்றும் மாறும். அப்போது நான்கு புள்ளியும் ஒன்றோடொன்று பொருந்தாது, ரிப் சுருங்கும், செக்கிங்கில் திரும்பி வரும். ஆல்டர் பீஸைப் பிரித்துத் தைக்கிற நேரமும் அந்த 80 விநாடிக்கு மேல்தான். 340 ஏன் 270 ஆனது என்பதற்கு விடை அங்கே இருந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியமானது. பல்லடத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தோள் மெஷினுக்குப் போனார். ஒடிசாப் பெண்ணிடம் தான் எதுவும் பேசவில்லை. “நீங்களே காட்டுங்க்கா” என்று ஒதுங்கி நின்றார். பல்லடத்துக்காரர் ஒரு சுருங்கிய கழுத்தை எடுத்து, தோளை மடித்து, இரண்டு நுனியும் சேராமல் நிற்பதை விரலால் தொட்டுக் காட்டினார். பெண் பார்த்தாள். துணியின் முன்பாகத்தை மெஷினில் விடும்போது இடது கை இழுப்பதால் நீள்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. மொழி தேவைப்படவில்லை. பத்து நிமிடம் இருவரும் ஒரே மெஷினில் மாறி மாறித் தைத்தார்கள். அந்தப் பத்து நிமிடம் உற்பத்தி சுத்தமாக நின்றது. அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மனசு வராத மேனேஜர்கள்தான் பத்து நாளை இழக்கிறார்கள்.

உசிலம்பட்டிக்காரரை மட்டும் தனியே அழைத்துப் பேசினார். வேலை வரவில்லை என்று கேட்டது நியாயம், எல்லோர் முன்னாலும் ஒருவரைக் குத்திப் பேசியது நியாயமில்லை. இதை எல்லோர் எதிரிலும் சொல்லியிருந்தால் இன்னொரு சண்டை ஆரம்பித்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாத மூன்றை அவர் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். யார் பக்கமும் சாயவில்லை. “சண்டை போடாதீங்க, ஒத்துமையா இருங்க” என்று பொதுப்படையாக உபதேசம் செய்யவில்லை. ஆளை மாற்றவில்லை. ஆளை மாற்றியிருந்தால், மூன்றாவது லைனிலிருந்து வந்தவரும் அதே 80 விநாடியில், அதே கோணல் தோளோடு மல்லுக்கட்டியிருப்பார். குழுவும் மறுபடி முதல் நாளுக்குப் போயிருக்கும். ஆளைப் பார்த்துப் பார்த்துப் பேசும் பழைய “சரிங்க்கா”வுக்கு.

சண்டை எப்போதும் சத்தமாக வரும் என்றில்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் பன்னிரண்டு பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீமை நடத்தும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் உடனே சொன்னார்: “எங்ககிட்ட யாரும் மோட்டாரை அணைக்க மாட்டாங்க. மீட்டிங்ல எல்லாரும் ஓகே சொல்வாங்க. முடிஞ்சதும் எனக்குத் தனியா மெசேஜ் வரும். ஒரே நாள்ல நாலு பேர் தனித்தனியா மெசேஜ் போட்டா, எனக்குத் தெரிஞ்சிடும், ஸ்டார்மிங் ஆரம்பிச்சாச்சுன்னு.” அவரிடம் குவிவது துணி அல்ல, ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் வேலை. ஒருவருடைய கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியவர் மூன்று நாள் தொடவே இல்லை என்றால், அங்கே ஒரு பேசப்படாத பகை இருக்கிறது. அவரும் அதையேதான் செய்கிறார். தனியாக வந்த புகாருக்குத் தனியாகத் தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வைக்கிறார்.

சனிக்கிழமை, சம்பளத்துக்கு முன்

வெள்ளிக்கிழமை 300, சனிக்கிழமை 330. அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டாம் நாள், 24-ல் சரி பாதி.

டக்மனின் படத்தில் இல்லாத ஒரு விஷயம் இங்கே வருகிறது. கானி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988-ல் எட்டுக் குழுக்களை ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார்ந்து கவனித்து எழுதினார். குழுக்களின் ஆயுள் வேறு வேறு. சில நாட்களில் முடிந்ததும் உண்டு, மாதக்கணக்கில் ஓடியதும் உண்டு. முதல் கூட்டத்தில் பிடித்த வழியையே எல்லாக் குழுவும் பாதிக் காலம் வரை விடாமல் பிடித்திருந்தன. பிறகு, கெடுவில் ஏறக்குறைய சரி பாதி கழிந்த நேரத்தில், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வழிக்குத் தாவின. எவ்வளவு வேலை முடிந்தது என்பதைவிட எவ்வளவு நாள் மிச்சம் என்பதுதான் அவர்களை உலுக்கியிருக்கிறது.

ஒரு மேனேஜருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் அரிது. காது திறந்திருக்கும் நாள் எது என்று முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். கவர் கொடுப்பதற்கு முன், ஐந்து மணிக்கு, சூப்பர்வைசர் அக்கா லைனை நிறுத்தினார். போர்டில் மூன்று எண்களை எழுதினார். தைத்தது 3,310. மிச்சம் 6,690. நாள் 12. “ஒரு நாளைக்கு 557 வேணும். இப்ப 330 வருது. நான் சொல்லிச் சொல்லி இது வராது. என்ன மாத்தலாம், நீங்க சொல்லுங்க” என்றார். முதல் வாரத்தில் கேட்டிருந்தால் இருபது பேரும் தரையைப் பார்த்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் அமைதி. பேசியது யாரும் எதிர்பார்க்காத ஆள். அவினாசி பக்கத்திலிருந்து வரும் ஹெல்பர் அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர். “அந்தப் புள்ளி வைக்கிறதை நான் வெச்சுக் குடுத்துடறனுங்க. நூல் வெட்டிட்டு நான் சும்மாதானே நிக்கிறேன்.”

80-ல் 28 போனால் 52. ஒரு நாளைக்கு 553 பீஸுக்கு வழி. சூப்பர்வைசருக்கு வியாழக்கிழமையே இந்தக் கணக்குத் தெரியும். ஏன் அப்போதே உத்தரவு போடவில்லை என்று கேட்டேன். “போட்டிருந்தா செஞ்சிருப்பாங்க. ஆனா அந்தம்மா ஒரு நாள் லீவு போட்டா யாரும் அந்த வேலையைத் தொட மாட்டாங்க. இப்ப அது அவங்க யோசனை” என்றார். பதினாறாம் நாள் அந்த அம்மா வரவில்லை. பேரனுக்குக் காய்ச்சல். இன்னொரு ஹெல்பர் யாரும் சொல்லாமலே சாக்குக்கட்டியை எடுத்தார்.

> பெட்டிச் செய்தி: மூன்று நேரம், மூன்று பேச்சு
>
> ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்டு ஹேக்மனும் ரூத் வாக்மனும் 2005-ல் எழுதிய கட்டுரையில், குழுவுக்கு எந்த உதவி எப்போது எடுபடும் என்பதைப் பிரித்துச் சொன்னார்கள். ஆரம்பத்தில் எடுபடுவது உற்சாகமும் தெளிவும் தரும் பேச்சு. நடுப்பகுதியில், வேலை செய்யும் முறையைப் பற்றிய ஆலோசனை. கடைசியில், கற்றதை அசைபோடும் பேச்சு. நேரம் தப்பினால் நல்ல ஆலோசனைகூட வீண். முதல் நாளிலேயே வியூகம் பேசினால் குழுவுக்கு ஏறாது, ஏனென்றால் வேலையின் சிக்கல் எது என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

இணங்கலிலும் ஒரு கண்ணி உண்டு

மூன்றாவது வாரம் 420-ல் தொடங்கி 570-ல் முடிந்தது. லைனின் பேச்சு மாறியிருந்தது. கட்டு குவிந்தால் முந்தைய மெஷின்காரர் தானே வேகத்தைக் குறைத்தார். டீ நேரத்தில் உசிலம்பட்டிக்காரர் ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழில் எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரைக் கூப்பிடும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

இது குழு தன் சட்டங்களைத் தானே எழுதிக்கொள்ளும் காலம். கை தளர்த்த வேண்டிய நேரமும் இதுதான். ஆனால் எழுதப்படும் சட்டம் எல்லாமே கம்பெனிக்கு நல்லதாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு. சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931-32-ல் டெலிபோன் சுவிட்சுகளுக்கு ஒயர் இணைக்கும் 14 பேரைத் தனி அறையில் உட்கார வைத்துக் கவனித்தார்கள். அருமையான ஒற்றுமை. அந்த ஒற்றுமை எடுத்த முடிவு, ஒரு நாளைக்கு இன்ன அளவுக்கு மேல் யாரும் செய்யக் கூடாது என்பது. அதிகம் செய்தவருக்குத் தோளில் குத்து விழுந்தது. நிறைய செய்து காட்டினால் நாளைக்கு அதுவே கட்டாயமாகும் அல்லது கூலி குறையும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் திருப்பூரிலும் உண்டு, நியாயமாகவே உண்டு. பதினெட்டாம் நாள் 570 வந்ததும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஆசை வந்தது. திங்கட்கிழமை போர்டில் 700 என்று எழுதலாமே என்றார். சூப்பர்வைசர் மறுத்தார். “557-ன்னு நான் சொன்னேன். அவங்க வந்துட்டாங்க. இப்ப நான் நம்பரை மாத்துனா, இனி நான் சொல்ற எந்த நம்பரையும் நம்ப மாட்டாங்க சார்.” போர்டில் 557 அப்படியே இருந்தது. நான்காவது வாரம் அவர்களாகவே 600-ஐத் தாண்டினார்கள்.

இன்னொரு கண்ணி, இணக்கத்தைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொள்வது. செக்கிங்கில் இருந்த பெண் ஒருத்தி, தோழியான டெய்லரின் ஆல்டர் பீஸ்களை எண்ணாமல் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். நல்லெண்ணம்தான். ஆனால் எண்ணாத தவறைத் திருத்த முடியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சண்டையே இல்லாத நாட்களில் கொஞ்சம் சந்தேகப்படுவது. ஆல்டர் எண்ணிக்கை திடீரென்று பாதியாகி, பேக்கிங்கில் மட்டும் புகார் வந்தால், இணக்கம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. ஆல்டர் எண்ணை ஆள் பெயரில் எழுதுவதை நிறுத்திவிட்டு வேலையின் பெயரில் எழுதச் சொன்னார். கழுத்தில் இத்தனை, பாட்டத்தில் இத்தனை. மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

நன்றாக ஓடும் லைனை யார் கெடுக்கிறார்கள்?

நான்காவது வாரத்தில் நான் போனபோது சூப்பர்வைசரைக் காணோம். ஸ்டோரில் இருந்தார். மறுநாளைக்கான நூல் கோன்களை எண்ணிக்கொண்டிருந்தார். பேட்லாக் மெஷினுக்கு மாற்று ஊசி இருக்கிறதா என்று பார்த்தார். கட்டிங்கிலிருந்து கட்டு வரத் தாமதமாகிறது என்று அங்கே போய்ச் சண்டை போட்டார். லைனில் நின்ற நேரம் மிகக் குறைவு.

இயங்கல் கட்டத்தில் மேனேஜரின் முதுகு குழுவைப் பார்க்க வேண்டும், முகம் வெளியே பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து காட்டியது சரி. அதையே நான்காவது வாரமும் செய்தால், என்னை நம்பவில்லை என்று பதினைந்து வருட டெய்லர் நினைப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை. பதவி உயர்வு பெற்று வந்த திறமைசாலிகளுக்கு இந்தக் கட்டம்தான் கடினம். தன் கை வேலையால் மேலே வந்தவருக்கு, கையைக் கட்டிக்கொண்டிருப்பது சோம்பல் போலத் தெரியும்.

ஆனால் நன்றாக ஓடும் குழுவுக்கு உண்மையான ஆபத்து மேலிருந்து வருகிறது. இருபதாம் நாள் 600 வந்தது. அன்று மாலையே, திணறிக்கொண்டிருந்த ஐந்தாவது லைனுக்கு இங்கிருந்து இரண்டு பேரைக் கேட்டார்கள். கேட்டது யாரை? ரிப் வைக்கும் பல்லடத்துக்காரரையும் பாட்டம் அடிக்கும் பேட்லாக் டெய்லரையும். சிறந்த இருவர் என்பதால் கேட்டார்கள். அவர்கள் இந்தப் பதினெட்டுப் பேரோடு இருப்பதால்தான் சிறந்தவர்களாகத் தெரிகிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை. ரிப் மெஷின் இப்போது 45 விநாடியில் ஓடுகிறது என்றால், அதில் புள்ளி வைக்கும் அம்மாவின் கை இருக்கிறது, நேராக வரும் தோள் இருக்கிறது. ஐந்தாவது லைனில் அந்தப் பெண் மறுபடி 80 விநாடிக்குத்தான் போவார். இங்கே வரும் புது ஆளும் 80-ல்தான் ஆரம்பிப்பார். இரண்டு லைனும் நஷ்டம்.

ஷிப்மென்ட் வரைக்கும் ஆளைத் தொட வேண்டாம், ஞாயிறு முடிந்து தருகிறேன் என்று சூப்பர்வைசர் பேசி முடித்தார். நான்காவது வாரம் 580, 600, 600, 610, 610, கடைசி நாள் 590. மொத்தம் 10,000.

> பெட்டிச் செய்தி: லைன் பின்னோக்கிப் போகும் நாட்கள்
>
> கட்டங்கள் ஒருவழிப் பாதை அல்ல. டக்மன் படித்த ஆய்வுகளில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அங்கே ஆட்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. தொழிற்சாலை அப்படி இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. முக்கியமான இடத்தில் ஓர் ஆள் மாறினாலே போதும், கேள்விகள் மறுபடி மேனேஜரை நோக்கித் திரும்பும். அந்த வாரத்தை இயங்கல் வாரமாக நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் குழு சிதறும். எத்தனையாவது வாரம் என்று பார்க்காமல், கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதே நம்பகமான அளவு.

கலையும் நாளுக்கும் வேலை இருக்கிறது

கடைசிக் கட்டத்துக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஷிப்மென்ட் போயிற்று, அட்டைப்பெட்டிகள் லாரியில் ஏறின, அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது. ஆனால் இருபத்து மூன்றாம் நாளே லைனில் ஒரு தொய்வு தெரிந்தது. காரணம் சோர்வு இல்லை. திங்கட்கிழமை எந்த லைனில் உட்காருவோம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒடிசாப் பெண் இரண்டு முறை வந்து கேட்டாள், “அக்கா, நான் எங்கே?”

வெள்ளிக்கிழமை சாயங்காலமே சூப்பர்வைசர் மேனேஜரோடு உட்கார்ந்து பட்டியலை முடித்து, ஒவ்வொருவரிடமும் தனியே சொன்னார். பட்டியலில் அவர் போராடி வாங்கியது ஒன்றுதான். தோள், ரிப், புள்ளி வைக்கும் ஹெல்பர் ஆகிய மூவரும் பிரியாமல் ஒரே லைனுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை சம்பளக் கவரோடு கால் மணி நேரம் பேச வைத்தார். அடுத்த ஆர்டரில் முதல் நாளிலிருந்தே என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆறு விஷயம் வந்தது. நான்கை நோட்டில் எழுதிக்கொண்டார். முதலாவது, பேட்லாக் டெய்லர் சொன்னது: “அடுத்தடுத்து உக்கார்றவங்களை மொத நாளே ஒருத்தர் மெஷின்ல ஒருத்தர் அஞ்சு பீஸ் தைக்க வெச்சுப் பாருங்க்கா.”

திங்கட்கிழமை காலை எட்டரை. ஐந்தாவது லைன். காலர் வைத்த டி-ஷர்ட், புது ஆர்டர், புது முகங்கள் பதினேழு. பழையவர்கள் மூன்று பேர். ஒடிசாப் பெண் தோள் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வந்திருந்த பெண் எதையோ தேடித் தவித்து, சூப்பர்வைசர் எங்கே என்று சுற்றிப் பார்த்தாள். ஒடிசாப் பெண் தன் டிராயரைத் திறந்து ஊசி ஒன்றை எடுத்து நீட்டி, தமிழில் கேட்டாள்:

“பதினொண்ணா, பதினாலா?”